நடு அட்டையில் இரண்டு குளிசை தவறினால்: ரத்தப்போக்கையும் கர்ப்ப வாய்ப்பையும் கணக்குப் பார்ப்பது எப்படி

குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை குடிக்கிற ஒருவர் அட்டையின் நடுவில் இரண்டு நாள் விட்டுவிட்டால் இரண்டு கேள்விகள் ஒன்றாக வரும். "பிள்ளை தங்கிவிடுமோ?" என்பது ஒன்று. இரண்டு நாளில் ரத்தம் தெரிந்ததும், "அப்பாடா, பீரியட் வந்துவிட்டது, இனிப் பயமில்லையா?" என்பது மற்றது. பெரும்பாலானவர்கள் முதல் கேள்விக்கு இரண்டாவதை வைத்தே பதில் சொல்லிக்கொள்கிறார்கள். அது பிழையான வழி. ரத்தம் கருப்பையின் உட்சுவரில் நடந்ததைத்தான் காட்டும். பிள்ளை தங்குமா என்பதைச் சூலகம் தீர்மானிக்கிறது. அதை அறிய அட்டையையும் கலண்டரையும் எடுத்து எண்ணித்தான் பார்க்கவேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 21 வெள்ளைக் குளிசையும் 7 மண்ணிறக் குளிசையும் உள்ள 28 குளிசை அட்டைக்கு. மிதுரி அட்டை அப்படியானது. பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கொடுக்கிற, ஒரே ஹோர்மோன் மட்டும் உள்ள குளிசைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதில் சில மணித்தியாலத் தாமதமே தவறலாகும். உங்கள் அட்டையில் எல்லாக் குளிசையும் ஒரே நிறமாக இருந்தால், எந்த வகை என்று மிட்வைஃபிடமோ பாமசியிலோ கேட்டுவிட்டு மேலே வாசியுங்கள்.

அட்டையைக் கையில் எடுங்கள்

முதலில் தவறியது என்ன நிறம் என்று பாருங்கள். மண்ணிறக் குளிசை இரும்புச்சத்து மட்டும். அதில் ஹோர்மோன் இல்லை. அதில் இரண்டு தவறினாலும் ஏழும் தவறினாலும் கர்ப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தவறியதை எறிந்துவிட்டு, அடுத்த அட்டையின் முதல் வெள்ளைக் குளிசையை உரிய நாளில் தொடங்கினால் போதும். அந்தத் தொடக்க நாள் மட்டும் பிந்தவே கூடாது. காரணம் கீழே வரும்.

தவறியது வெள்ளை என்றால், எத்தனை என்பதை நேரத்தை வைத்து எண்ணவேண்டும். இரவு 9 மணிக் குளிசையை மறந்து மறுநாள் காலை 7 மணிக்குக் குடித்தால் அது தாமதம், தவறல் அல்ல. குடிக்கவேண்டிய நேரம் கடந்து 48 மணித்தியாலம் ஆகிவிட்டால், அதை இரண்டு தவறியதாக எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும்.

இங்கே நோன்புக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் காலைத் தேநீரோடு குளிசை குடித்துப் பழகியவர்கள் நோன்பு தொடங்கியதும் தடுமாறுவது வழமை. காலையில் குடிக்க முடியாது, பின்னேரம் நோன்பு திறந்த பிறகு சமையலும் தொழுகையுமாக மறந்துபோகும். நேரத்தை சஹருக்கு மாற்றிக்கொள்வதில் தவறில்லை. சில மணித்தியாலம் முன்னே போவதால் ஒன்றும் ஆகாது. நோன்பு தொடங்கும் முதல் நாளே மாற்றிவிடுவது நல்லது.

ஒரு கணக்கு: களுவாஞ்சிகுடியிலிருந்து மண்டூருக்கு

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். களுவாஞ்சிகுடிப் பக்கம் வீடு, இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு அட்டையின் 1ஆம் குளிசையைத் தொடங்கினார். அடுத்த வாரம் சனிக்கிழமை இரவு 9ஆம் குளிசை வரை ஒரு நாளும் விடவில்லை. ஞாயிறு விடியத் தாய்மாமன் இறந்த செய்தி வந்தது. குருமண்வெளித் துறையில் ஓடம் ஏறி மண்டூருக்குப் போய்விட்டார். அட்டை வீட்டு அலுமாரிக்குள். ஞாயிறு இரவு 10ஆவதும் திங்கள் இரவு 11ஆவதும் தவறின. செவ்வாய் பின்னேரம் திரும்பிவந்து, இரவு 9 மணிக்கு அட்டையைக் கண்டார்.

இப்போது நிலை என்ன? 10ஆவது குளிசை பிந்தி 48 மணித்தியாலம். கடைசியாகக் குடித்த 9ஆவதிலிருந்து 72 மணித்தியாலம். அதாவது உடம்புக்கு மூன்று நாளாக ஹோர்மோன் போகவில்லை.

அவர் செய்யவேண்டியது சின்ன வேலை. தவறிய இரண்டில் பிந்தியதை, அதாவது 11ஆவதை, உடனே குடிப்பது. அன்றைக்கு உரிய 12ஆவதையும் வழமையான நேரத்தில் குடிப்பது. அவர் கண்டதே 9 மணிக்கு என்பதால் இரண்டையும் ஒன்றாகக் குடிக்கலாம். 10ஆவதை எறிந்துவிடவேண்டும். புதன்கிழமை 13, வியாழன் 14 என்று அட்டை நாளோடு சரியாக ஓடும்.

முந்திய காலத்தில் இரண்டு நாளைக்கு இரண்டிரண்டாகக் குடிக்கச் சொல்வார்கள். மூத்தவர்கள் சிலர் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். அப்படிக் குடித்தால் ஆபத்தில்லை, ஓங்காளமும் தலைச்சுற்றும் வரலாம். ஆனால் பழைய குளிசைகளையெல்லாம் சேர்த்துக் குடித்து ஈடுகட்டத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வழிகாட்டல். குளிசை குடித்து 3 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் மட்டும் இன்னொன்று குடிக்கவேண்டும்.

அடுத்த ஏழு நாள்

செவ்வாய் இரவிலிருந்து தொடர்ந்து ஏழு வெள்ளைக் குளிசை உள்ளே போகும்வரை கொண்டம் பாவிக்கவேண்டும், அல்லது சேராமல் இருக்கவேண்டும். நம் கணக்கில் 12 முதல் 18 வரை, அதாவது அடுத்த திங்கட்கிழமை இரவுக் குளிசையோடு ஏழு நிறைகிறது. சூலகத்தை முழுதாக அடக்கி வைக்க ஏழு குளிசை தொடர்ந்து வேண்டும் என்பதிலிருந்துதான் இந்த ஏழு வருகிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கர்ப்பக் கணக்கிலும் இதுவே திரும்பவும் வரும்.

அடுத்து, திரும்பத் தொடங்கிய இரவில் அட்டையில் எத்தனை வெள்ளை மீதி என்று எண்ணுங்கள், அன்றைய குளிசையையும் சேர்த்து. ஏழு அல்லது அதற்கு மேல் இருந்தால் வழமைபோல மண்ணிறத்துக்குப் போகலாம். களுவாஞ்சிகுடிப் பெண்ணுக்கு 12 முதல் 21 வரை 10 வெள்ளை இருக்கிறது, சிக்கலில்லை. ஏழுக்குக் குறைவாக இருந்தால் மண்ணிறத்தை விட்டுவிடுங்கள். கடைசி வெள்ளையைக் குடித்த மறுநாளே புதிய அட்டையின் முதல் வெள்ளையைத் தொடங்குங்கள். உதாரணமாக 15, 16 தவறி 17ஆவதில் தொடங்கினால் மீதி ஐந்துதான். ஐந்து குடித்துவிட்டு ஏழு நாள் ஹோர்மோன் இல்லாமல் இருப்பது சூலகத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

மண்ணிறத்தை விட்டால் அந்த மாதம் பீரியட் வராமல் போகலாம். "கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும்" என்று பயப்படத் தேவையில்லை. உள்ளே தங்குவதற்கு ஒன்றுமில்லை. வெள்ளை தொடரும்வரை கருப்பையின் உட்சுவர் மெல்லியதாகவே இருக்கும். நோன்பு மாதத்திலோ ஹஜ் பயணத்திலோ ரத்தம் வராமலிருக்க வைத்தியரிடம் கேட்டு வெள்ளையைத் தொடர்ந்து குடிக்கிற பெண்கள் செய்வதும் இதைத்தான்.

ரத்தம் ஏன் வருகிறது

களுவாஞ்சிகுடிப் பெண்ணுக்குப் புதன்கிழமை காலை கொஞ்சம் மண்ணிறக் கறை தெரிந்தது. வியாழன் பீரியட் போலவே போனது, கொஞ்சம் வயிற்றுக்குத்தும் இருந்தது. அவருடைய மச்சாள் சொன்னது பலருக்குப் பழக்கமான கதை: "அதான் பீரியட் வந்திட்டே கா, இனி என்னத்துக்குக் குளிசை? நிப்பாட்டிப் போட்டு மறுகா புதுசத் தொடங்கு."

மச்சாளின் கணக்கு எங்கே பிழைக்கிறது? குளிசை குடிக்கிறவரின் உட்சுவரைத் தாங்கி நிற்பது குளிசையின் ஹோர்மோன். அது இரண்டு மூன்று நாள் நின்றால் தாங்கல் இல்லாமல் உட்சுவர் உதிரத் தொடங்கும். மண்ணிறக் குளிசை வாரத்தில் மாதாமாதம் வருவதும் இதே ரத்தம்தான். இங்கே காலம் தப்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். முட்டை வெளியாகி, கரு தங்காமல், அதற்குப் பிறகு வருகிற இயற்கையான பீரியட் அல்ல இது. ஆகவே இதைப் புதிய சுற்றின் முதல் நாளாக எண்ணக்கூடாது.

ரத்தத்தைக் கண்டு வெள்ளையை நிறுத்தினால்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. மூன்று நாளாக இருந்த இடைவெளி ஆறாகும், எட்டாகும். "பீரியட் முடிந்த பிறகு புதிய அட்டை" என்று காத்திருப்பவர்களுக்குத்தான் பிள்ளை தங்குகிறது, இரண்டு குளிசை தவறி உடனே தொடர்ந்தவருக்கு அல்ல என்றே சொல்லலாம். ரத்தம் எவ்வளவு போனாலும் வெள்ளையைத் தொடருங்கள். மண்ணிறத்தை முன்கூட்டியே எடுத்துக் குடிக்கிறவர்களும் உண்டு. ரத்தம் போகிறதே, இரும்புச்சத்துக் குளிசைதானே பொருத்தம் என்று நினைக்கிறார்கள். அதுவும் இதே பிழை.

தொடர்ந்து குடித்தால் ரத்தம் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். சிலருக்குக் கறை கறையாக மண்ணிற வாரம் வரைக்கும் இழுபடும். அது தொல்லைதான், ஆனால் பாதுகாப்புக் குறைந்ததன் அடையாளமல்ல. பாமசியில் "ரத்தம் நிற்கக் குளிசை" என்று கேட்டு நோரெதிஸ்டரோன் வாங்கிச் சேர்த்துக் குடிக்க வேண்டாம். கையில் இருக்கிற அட்டையே அந்த வேலையைச் செய்யும். இன்னொரு ஹோர்மோனைக் கலந்தால் அதை நிறுத்தும்போது மறுபடி ரத்தம் வரும். எது எதனால் வந்தது என்று பிறகு யாருக்கும் சொல்லமுடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த ரத்தம் வந்ததால் கர்ப்பம் இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. கர்ப்பத்தின் ஆரம்பத்திலும் சிலருக்குக் கறை போகும்.

கர்ப்ப வாய்ப்பு: மூன்று கேள்வி

முதற் கேள்வி, தவறுவதற்கு முன் ஏழு வெள்ளை ஒழுங்காகத் தொடர்ந்து போயிருந்ததா?

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுதான். ஒவ்வொரு மாதமும் மண்ணிற வாரத்தில் ஏழு நாள் ஹோர்மோன் இல்லாமலே இருக்கிறோம், அப்போதும் முட்டை வெளியாவதில்லை. சூலகம் அந்த ஏழு நாளில் மெல்ல விழிக்கத் தொடங்கும், முட்டை முதிர்வதற்குள் புதிய அட்டை வந்து அடக்கிவிடும். ஆக, ஏழு குளிசையால் நன்றாக அடங்கியிருந்த சூலகம் மூன்று நாள் இடைவெளியில் முட்டை விடும் வாய்ப்பு மிகக் குறைவு. களுவாஞ்சிகுடிப் பெண் ஒன்பது குளிசையை ஒழுங்காகக் குடித்தவர். அவர் இந்தக் கேள்வியில் தேறிவிட்டார்.

இதே இரண்டு குளிசை அட்டையின் தொடக்கத்தில் தவறியிருந்தால் கதை வேறு. 1, 2 தவறினால் மண்ணிற ஏழு நாளோடு சேர்ந்து ஒன்பது நாளாகிவிடும். விழித்துக்கொண்டிருந்த சூலகத்துக்கு அந்த இரண்டு நாளே போதுமாகலாம். புதிய அட்டையை இரண்டு நாள் பிந்தித் தொடங்குவதும் இதுவேதான். பெண்கள் அதைத் "தவறல்" என்று எண்ணாமல் விடுவதால் சொல்கிறேன்: நடுவில் தவறும் இரண்டைவிடத் தொடக்கத்தில் பிந்தும் இரண்டு நாள் மோசமானது.

"ஒழுங்காக" என்பதற்குள் அடங்குபவை இன்னும் சில. அந்த ஏழு நாளில் ஒரு நாளுக்கு மேல் கடும் வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்திருந்தால், அந்த நாட்களையும் தவறியதாகவே எண்ணுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கார்பமசெபின் அல்லது ஃபெனிட்டோயின் குடிப்பவர்களுக்கு ஒரு குளிசை தவறாவிட்டாலும் பாதுகாப்புக் குறையும். அவர்கள் வேறு முறைக்கு மாறுவது பற்றி வைத்தியரிடம் பேசவேண்டும். காய்ச்சல், தொண்டை நோவுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் போன்றவை இந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது கேள்வி, எப்போது சேர்ந்தீர்கள்? ஆணின் விந்து பெண்ணின் உடம்பில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கலாம். அதனால் தவறிய நாட்களையும் அதன் பின் வரும் ஏழு நாளையும் மட்டுமல்ல, தவறுவதற்கு முந்திய ஐந்து நாளையும் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் கொண்டம் இல்லாமல் சேரவே இல்லை என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது. வெளிநாட்டில் கணவர் இருக்கிற பல வீடுகளில் பதில் இப்படித்தான் முடியும்.

மூன்றாவது கேள்வி, திரும்பத் தொடங்கிய பிறகு மறுபடி ஏதும் விட்டீர்களா? விட்டிருந்தால் ஏழு நாளை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணவேண்டும்.

நம் உதாரணப் பெண் 8ஆம் குளிசை நாளான வெள்ளிக்கிழமை கணவரோடு சேர்ந்திருக்கிறார். பிறகு திரும்பத் தொடங்கிய மறுநாள் புதன் இரவும், கொண்டம் இல்லாமல். முதற் கேள்விக்கு ஒன்பது குளிசை என்ற நல்ல பதில் இருப்பதால் வெள்ளிக்கிழமை பற்றிக் கவலை வேண்டாம். புதன்கிழமை ஏழு நாளுக்குள் விழுகிறது, ஆகவே வாய்ப்புப் பூச்சியமில்லை, ஆனால் மிகக் குறைவு. அவசரக் குளிசை அவருக்குத் தேவைப்படாது. திங்கள் இரவு வரை கொண்டத்தோடு இருந்து, வெள்ளையைத் தொடர்ந்தால் போதும்.

அவரே 4, 5ஆம் குளிசை நாட்களில் வயிற்றோட்டத்தால் படுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 10, 11 தவறும்போது கையில் இருந்தது 6 முதல் 9 வரையான நான்கு குளிசைதான். நடு அட்டையில் தவறியது போலத் தெரிந்தாலும் சூலகத்தைப் பொறுத்தவரை இது தொடக்கத்தில் தவறியது. இந்த நிலையில் அவசரக் கருத்தடை வேண்டும்.

அவசரக் குளிசை யாருக்கு

முதல் வாரத்தில் இரண்டு தவறி, முந்திய ஐந்து நாளில் கொண்டம் இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு. மேலே சொன்னதுபோல ஏழு ஒழுங்கான குளிசை இல்லாதவர்களுக்கும். பாமசியில் போஸ்டினோர் என்று கேட்டு வாங்குவது லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். சேர்ந்து 72 மணித்தியாலத்துக்குள் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது, பிந்தப் பிந்தப் பலன் குறையும். அதைக் குடித்த பிறகு வெள்ளையை நிறுத்தக்கூடாது, அன்றைய குளிசையிலிருந்தே தொடர்ந்து ஏழு நாள் கொண்டமும் பாவிக்கவேண்டும். போஸ்டினோர் குடித்தால் அட்டை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அடுத்த வாரமே பாதுகாப்பில்லாமல் நிற்கிறார்கள்.

செப்பு லூப் இதைவிட உறுதியானது. சேர்ந்து ஐந்து நாளுக்குள் போடலாம். எம்.ஓ.எச். கிளினிக் உங்கள் பக்கம் எந்தக் கிழமை நடக்கிறது என்று மிட்வைஃபைக் கேளுங்கள். ஐந்து நாளுக்குள் கிளினிக் வராவிட்டால் ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம்.

எப்போது சோதிப்பது

சிறுநீர்ச் சோதனையை அவசரப்பட்டுச் செய்தால் காசும் நிம்மதியும் வீண். கொண்டம் இல்லாமல் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். காலையில் முதற் சிறுநீரில் செய்யுங்கள். களுவாஞ்சிகுடிப் பெண்ணுக்கு அந்தப் புதன்கிழமையிலிருந்து மூன்று வாரம், அதாவது புதிய அட்டையின் 6ஆம் குளிசை நாள்.

அதற்கிடையில் மண்ணிற வாரம் வரும். வழமையான அளவில் ரத்தம் வந்தால் நல்ல அறிகுறி, சோதனையைச் செய்யாமல் விட்டாலும் பாதகமில்லை என்றே அவருக்குச் சொல்வேன். முதற் கேள்வியில் தேறாதவருக்கு அப்படிச் சொல்லமாட்டேன், ரத்தம் வந்தாலும் 21ஆம் நாள் சோதிக்கத்தான் வேண்டும். மண்ணிறம் முடியும்வரை ரத்தமே வராவிட்டால் ஒரு தடவை சோதித்து, இல்லை என்று வந்தாலும் 21 நாள் நிறைந்ததும் மறுபடி சோதியுங்கள். மண்ணிறத்தைத் தவிர்த்தவருக்கு ரத்தம் வராது என்பதால், சந்தேகமிருந்தால் சோதனை மட்டுமே வழி.

முடிவு தெரியும்வரை புதிய அட்டையை நிறுத்தி வைக்கவேண்டாம். கர்ப்பம் தங்கியிருந்து அது தெரியாமல் குளிசை குடித்திருந்தாலும் பிள்ளைக்கு ஊனம் வராது. சோதனையில் இரண்டு கோடு வந்தால் அன்றே குளிசையை நிறுத்திவிட்டு மிட்வைஃபிடம் போங்கள்.

வைத்தியசாலைக்கு உடனே போகவேண்டிய ரத்தம்

மணித்தியாலத்துக்கு ஒரு பேட் வீதம் நனைந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனால், காய்ச்சலோடு கெட்ட மணமுள்ள கசிவு இருந்தால், அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கிற நோவோ, தோள்மூட்டு நோவோ, மயக்கமோ ரத்தத்தோடு சேர்ந்து வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு பக்க நோவும் மயக்கமும் கருப்பைக்கு வெளியே கரு தங்கியதைக் காட்டலாம். அது அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ, அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ, எது கிட்டவோ அதற்கு. குளிசையைத் திரும்பத் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேலும் பீரியட் அளவிலேயே ரத்தம் போனால் அது அவசரமில்லை, என்றாலும் காட்டவேண்டும்.

போகும்போது அட்டையையும் கொண்டுபோங்கள். எந்த இரவில் எந்தக் குளிசை தவறியது, எப்போது திரும்பத் தொடங்கினீர்கள், ரத்தம் எந்த நாள் தொடங்கியது, கடைசியாகச் சேர்ந்தது எப்போது என்ற நான்கையும் அட்டையின் பின்பக்கத்தில் பேனையால் எழுதி வைத்திருந்தால், கூட்டமான வெளிநோயாளர் பிரிவில் மற்றவர்கள் காதில் விழச் சத்தமாகச் சொல்லவேண்டிய தேவையும் இராது.